துருவும் மண்ணும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் தொலைவையும் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே நடக்கின்றனர். சுற்றுப்புற ஊர்களில் மல்லாட்டைக் கொல்லையில் களை கொத்துவோரின் கால்களிலும் செருப்பு இருப்பதில்லை. காலில் ஆணி தைத்தால், “துருப்பிடித்த ஆணியா?” என்பதே முதற்கேள்வியாக எழுகிறது. கேட்க வேண்டியது வேறு.

இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயைத் துரு உண்டாக்குவதில்லை. ‘கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி’ என்னும் நுண்ணுயிரியே அதற்குக் காரணம். இதன் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். காற்றுப் படும் இடத்தில் இந்நுண்ணுயிரி வளராது. ஆகவே, குருதி பெருகி ஓடும் அகன்ற வெட்டைவிட, மேலே மூடிக்கொள்ளும் ஆழமான சிறு துளையே அதற்கு ஏற்ற இடம். புத்தம்புதிய ஆணியும் சாணமண்ணில் கிடந்ததாயின் தீங்கு தரும். புண்ணின் மீது சாணமோ மண்ணோ அப்புவது, வித்துகளை நாமே உள்ளே விதைப்பதாகும்.

உள்ளே பெருகும் நுண்ணுயிரி சுரக்கும் நஞ்சு, நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் கட்டளைகளைத் தடுத்துவிடுகிறது. பொதுவாக 3 முதல் 21 நாள்களுக்குள் தாடை இறுகி வாய் திறக்க இயலாமற்போகும். பின்னர் உடலே வில்லாய் வளையும். அதற்குள் புண் ஆறி மறந்தும் போயிருக்கலாம். நரம்பிற் பற்றிய நஞ்சை மருந்தால் அகற்ற இயலாது.

தந்தையும் பதினாறு வயது மகனும் கொல்லையில் வேலை செய்கையில் இருவர் காலிலும் களைக்கொத்து ஆழப் பாய்ந்தது எனக் கொள்வோம். இருவரும் முதலில் ஓடும் நீரிலும் சோப்பிலும் புண்ணை நன்கு கழுவ வேண்டும். மகன் குழந்தைப் பருவ ஊசிகள் அனைத்தும் பெற்றவன். பத்தாம் வயதில் கடைசி ஊசி. மண் படிந்த புண்ணுக்கு, கடைசி ஊசிக்குப் பின் 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஒன்று தேவை. தூய சிறு காயமெனில் 10 ஆண்டுகள் வரை தேவையில்லை. எனவே இவனுக்கு ஓர் ஊசி போதும். பதினாறு வயதில் போடப்படும் ‘டி.டி.’ ஊசியை முன்பே பெற்றிருந்தால் அதுவும் வேண்டியதில்லை. காயந்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் வீண்.

தந்தைக்கோ ஊசி போட்ட நினைவே இல்லை. பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் இவ்வூசி கிடைக்கிறது, ஆண்களுக்கு அவ்வாய்ப்பில்லை. முதல்முறை ஊசி பெறும் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கப் பல நாள்கள் ஆகும். நஞ்சு அதுவரை காத்திராது. ஆதலால் அவருக்கு ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஓரிடத்திலும், தடுப்பூசி வேறோர் இடத்திலும் செலுத்தப்படும். நான்கு வாரங்கள் கழித்து இரண்டாம் ஊசியையும், அதன்பின் ஆறு மாதங்கள் கழித்து மூன்றாம் ஊசியையும் அவர் போட்டுக்கொள்ள வேண்டும். புண் ஆறிவிட்டதென்று பலரும் கைவிடுவது இவ்விரண்டையே.