ஒரே தகவல், இரண்டு மொழி: யாருக்கும் விட்டுப்போகாமல் எஸ்.எம்.எஸ். அனுப்புவது எப்படி?

தென்காசி மாவட்டம் திருவேங்கடத்தில் 240 உறுப்பினர்கள் கொண்ட ஒரு பால் உற்பத்தியாளர் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொதுக்குழு கூட்டத்துக்கு எல்லோரையும் அழைக்க வேண்டும். சிலருக்குத் தமிழில் தகவல் வேண்டும், சிலருக்கு ஆங்கிலத்தில். என்ன செய்யலாம்?

முதலில், உறுப்பினர் பட்டியலில் `lang` என்று ஒரு பத்தி சேருங்கள். தமிழ் என்றால் `ta`, ஆங்கிலம் என்றால் `en`. பெயரையோ படிப்பையோ பார்த்து நாமே ஊகிக்கக் கூடாது. தமிழ் பேசுவார், ஆனால் படிக்க வராது என்பவரும் உண்டு. அதனால் உறுப்பினர் படிவத்திலேயே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். ஒருமுறை பதிந்தால் போதும், அவர் மாற்றச் சொல்லும்வரை அதுதான்.

அனுப்பும் முன் எண்ணிப் பாருங்கள்:

```
=COUNTIF(C2:C241,"ta")
=COUNTIF(C2:C241,"en")
```

முதல் விடை 212, இரண்டாவது 25 என்று வருகிறது. கூட்டினால் 237தான். மீதி 3 பேர் எங்கே? தேடினால், ஒருவருக்கு `தமிழ்` என்று எழுதியிருக்கிறது. இன்னொருவருக்கு `ta`வுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. மூன்றாமவருக்குக் கட்டம் காலி. இப்படியே பிரித்து அனுப்பியிருந்தால் இந்த மூவருக்கும் எந்த மொழியிலும் அழைப்பு போயிருக்காது. முதல் இரண்டையும் `ta` என்று திருத்துங்கள். காலியாக இருந்தால் தமிழ் என்று விதி வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்திலும் `ta` என்று நிரப்புங்கள். இப்போது 215 + 25 = 240, கணக்கு சரி. இனிமேல் கையால் தட்டச்சு செய்யாமல், டிராப்டவுனில் தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தவறுகள் குறையும்.

அடுத்தது வாசகம். டிராய் விதிப்படி, மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ். வாசகத்தை டி.எல்.டி. தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். பதிந்ததும் அனுப்புவதும் பொருந்தாவிட்டால் செய்தி போய்ச் சேராது.

நீளத்தையும் கவனிக்கணும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனியாக எண்ணப்படும். ‘கூட்டம்’ நமக்கு 4 எழுத்து, போனுக்கு 7. இதைப் பாருங்கள்:

```
பொதுக்குழு கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு. இடம்: சங்க அலுவலகம்.
```

இடைவெளிகளோடு இது 63. ஒரே செய்தியில் அடங்கும். கடைசியில் ‘தவறாமல் வரவும்.’ என்று சேர்த்தால் 79 ஆகிவிடும். அப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு செய்திக் கட்டணம். 215 பேருக்கு 430. ஆங்கில வாசகத்திலும் கவனம் தேவை. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் 160 என்பது 70 ஆகிவிடும்.

உறுப்பினர் மொழியை மாற்றச் சொன்னால் அன்றே பட்டியலில் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அனுப்பும் முன் அந்த இரண்டு எண்ணிக்கையையும் கூட்டி, 240 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.