ஏரிக்கு வரும் நீரைக் கணக்கிடுதல்: வளைவு எண் முறை

ஓர் இரவில் 60 மில்லிமீட்டர் மழை பெய்துள்ளது. காலையில் ஏரிக்கரையில் கூடும் குடியானவர்கள் கேட்கும் முதற் கேள்வி, எவ்வளவு நீர் வந்தது என்பதே. கலிங்கை உயர்த்துவதா, மேட்டு நிலத்தில் வரப்பிடுவதா, வரத்துக் காலைத் தூர் வாருவதா என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழும் வாதங்கள் யாவும் இக்கேள்விக்கான விடையைச் சார்ந்தவை. பெய்த மழை முழுவதும் ஏரிக்கு வந்து சேர்வதில்லை. ஒரு பகுதியை மண் குடிக்கிறது, ஒரு பகுதி செடிகொடிகளிலும் பள்ளங்களிலும் தங்குகிறது, எஞ்சியதே வழிந்தோடுகிறது. இந்த எஞ்சிய நீரின் ஆழத்தை நிலப்படங்களிலிருந்து மதிப்பிடும் முறையையும், அதில் நேரும் பிழைகளைக் கண்டுகொள்ளும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

வளைவு எண் என்பது யாது?

அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு நிலத்திற்கும் ஓர் எண் உண்டு. அதன் உச்ச அளவு 100. எண் உயர உயர நீர் மிகுதியாக ஓடும். நீர்ப்பரப்பிற்கு 100, அடர்ந்த காடும் ஆழ்ந்த மணலும் சேர்ந்த நிலத்திற்கு முப்பதுக்கும் கீழே. இந்த எண்ணை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன. ஒன்று, நிலத்தின் மேற்போர்வை: காடா, புதரா, பயிரா, வெற்றுத் தரையா என்பது. மற்றொன்று, மண்ணின் தொகுதி. நீரை விரைந்து உறிஞ்சும் ஆழ்ந்த மணல் ஏ தொகுதி. ஓரளவு உறிஞ்சுவது பி. மந்தமாக உறிஞ்சுவது சி. களிமண்ணும் பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணும் டி.

வளைவு எண்ணை CN என்றும், நிலம் அதிக அளவாகத் தேக்கிக்கொள்ளக்கூடிய நீரை S என்றும், மழையை P என்றும், வழிந்தோடும் ஆழத்தை Q என்றும் குறித்தால், மில்லிமீட்டர் அளவில் கணக்கு வருமாறு:

```
S = 25400 / CN - 254
Q = (P - 0.2*S)^2 / (P + 0.8*S)
```

இதன் பொருள் எளிது. S அளவில் ஐந்தில் ஒரு பங்கு மழையை நிலம் முதலிலேயே விழுங்கிவிடுகிறது. அதற்குக் குறைவாகப் பெய்தால் ஒரு சொட்டும் ஓடாது. அதற்குமேல் பெய்யும் மழையில் ஓடும் பங்கு சிறிது சிறிதாக மிகுந்துகொண்டே போகிறது.

இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தல்

ராஸ்டர் எனப்படும் கட்டப்படத்தில் நிலம் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2020, 2021ஆம் ஆண்டுகளுக்கு வெளியிட்ட நிலப்போர்வைப் படத்தில் ஒரு சதுரம் பத்து மீட்டர் அகலமுடையது. பயிர் நிலத்திற்கு 40, புதருக்கு 20, வெற்று நிலத்திற்கு 60 என்பன அதன் குறியெண்கள். உலகு முழுவதற்குமான மண் தொகுதிப் படம் ஒன்று 250 மீட்டர் சதுரங்களாகக் கிடைக்கிறது. அதில் ஏ, பி, சி, டி ஆகியவை 1, 2, 3, 4 எனக் குறிக்கப்பட்டுள்ளன. போர்வையின் குறியெண்ணை நூறால் பெருக்கி மண்ணின் குறியெண்ணைக் கூட்டினால் இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். 4002 என்றால் பி மண்ணிலுள்ள பயிர் நிலம். பின்னர் அட்டவணையைப் பார்த்து அவ்வெண்ணுக்குரிய வளைவு எண்ணை எழுத வேண்டியதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரு படங்களையும் ஒரே சதுர அளவிற்குக் கொண்டுவரும்போது, கணினி பக்கத்துச் சதுரங்களைச் சராசரி செய்ய இடங்கொடுக்கலாகாது. குறியெண்கள் பெயர்களே, அளவுகள் அல்ல. ஏ மண்ணின் 1ஐயும் சி மண்ணின் 3ஐயும் சராசரி செய்தால் 2 வரும். அங்கே இல்லாத பி மண் படத்தில் முளைத்துவிடும். ஆகவே மிக அருகிலுள்ள சதுரத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளும் முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். மேலும், 250 மீட்டர் சதுரம் ஒன்று ஏறக்குறைய ஆறேகால் ஹெக்டேரை அடக்கும். இருநூறு ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் மண்ணைப் பற்றிய செய்தி முப்பத்திரண்டு சதுரங்கள் மட்டுமே. அதைப் பத்து மீட்டராகத் துண்டாடுவதால் புதிய செய்தி எதுவும் வந்துவிடாது.

ஓர் ஏரியின் கணக்கு

எடுத்துக்காட்டாக, இருநூறு ஹெக்டேர் நீர்ப்பிடிப்புடைய ஏரி ஒன்றைக் கொள்வோம். அதில் 60 ஹெக்டேர் டி மண்ணிலுள்ள பாறைத் தரிசு. வளைவு எண் 88. நூறு ஹெக்டேர் பி மண்ணில் நல்ல வரப்பிட்ட மானாவாரி நிலம், எண் 69. எஞ்சிய 40 ஹெக்டேர் பி மண்ணிலுள்ள புதர்க்காடு, எண் 47. மழை 60 மில்லிமீட்டர்.

தரிசில் S ஏறக்குறைய 34.6. அதனின்று வழியும் ஆழம் 32.1 மில்லிமீட்டர், அறுபது ஹெக்டேருக்கு 19,270 கன மீட்டர் நீர். மானாவாரியில் S 114, ஆழம் 9.1 மில்லிமீட்டர், நீர் 9,130 கன மீட்டர். புதர்க்காட்டில் S 286. முதல் 57 மில்லிமீட்டரை அது விழுங்கிவிடுவதால் அங்கிருந்து வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக மொத்தம் 28,400 கன மீட்டர். ஏரிக்கு வந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு, நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத பாறைத் தரிசினின்று வந்தது என்பதைக் கவனிக்க.

இனி, வேலையைச் சுருக்க எண்ணிப் பலர் செய்யும் பிழையைப் பார்ப்போம். மூன்று வளைவு எண்களையும் பரப்பளவுக்கேற்பச் சராசரி செய்தால் 70.3 வரும். அந்த ஒரே எண்ணைக்கொண்டு கணக்கிட்டால் ஆழம் 10.2 மில்லிமீட்டர், நீர் 20,400 கன மீட்டர். எட்டாயிரம் கன மீட்டர் காகிதத்திலேயே காணாமற் போய்விட்டது! மழை 40 மில்லிமீட்டரானால் நிலை இன்னும் மோசம். சதுரம் சதுரமாகக் கணக்கிட்டால் 11,900 கன மீட்டர். சராசரி எண்ணால் 5,500 மட்டுமே. காரணம் யாதெனில், நீரோட்டம் வளைவு எண்ணுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை; உயர்ந்த எண்ணில் வெகுவாக ஏறுகிறது. புதர்க்காட்டின் தாகம் பாறையின் மேல் ஓடும் நீரைக் குடிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு சதுரத்திற்கும் முதலில் நீரின் ஆழத்தைக் கண்டு, அதன் பின்னரே கூட்டுதல் வேண்டும். கட்டப்படத்தின் பயனே இதுதான்.

மழையின்றி நீர் ஓடுமா?

மற்றொரு பிழை கண்ணுக்குப் புலப்படாதது. மழை, S அளவின் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தால் P - 0.2*S என்பது கழித்தல் எண்ணாகும். ஆனால் அதை வர்க்கப்படுத்தியதும் கூட்டல் எண்ணாக மாறிவிடும். கணினி இதை எதிர்த்துப் பேசாது. நமது புதர்க்காட்டில் மழையே இல்லாத நாளிலும் 14 மில்லிமீட்டர் நீர் ஓடுவதாக அது விடை தரும்! எனவே கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளின் கணக்குப் பலகையில் நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும்:

```
(60 > 0.2*"S@1") * (60 - 0.2*"S@1")^2 / (60 + 0.8*"S@1")
```

நிபந்தனை பொருந்தாத சதுரத்தில் முதற் பகுதி சுழியாகி விடையும் சுழியாகும். கணக்கைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. 60க்குப் பதில் மிகச் சிறிய மழையை, 1 மில்லிமீட்டர் என்று இட்டுப் பாருங்கள். ஏரிப்பரப்பைத் தவிர வேறெங்கேனும் அதைவிட மிகுந்த நீர் காட்டினால் கணக்கில் பிழை உள்ளது.

படம் அறியாததை ஊரார் அறிவர்

விண்ணிலிருந்து எடுத்த படத்திற்குப் பயிர் நிலம் தெரியும், வரப்பு தெரியாது. மேற்கண்ட நூறு ஹெக்டேர் மானாவாரியில் வரப்புகள் அழிந்து, சரிவை நோக்கி நேர் சாலாக உழுவதானால் வளைவு எண் 69 அல்ல, 86. அப்போது 60 மில்லிமீட்டர் மழையில் ஆழம் 9.1 அல்ல, 28.7. ஏரிக்கு 19,600 கன மீட்டர் கூடுதலாக வரும். அதே அளவு நீர் மேட்டு நிலத்து விவசாயிக்கு நட்டம். இரு நிலைகளிலும் படத்தில் இருப்பது 40 என்ற ஒரே குறியெண்தான். ஆயக்கட்டுக்காரர்களுக்கும் மேட்டு நிலத்தாருக்கும் இடையே எழும் வழக்கின் அளவு இதுவே. ஆகவே சர்வே எண் வாரியாக எந்த வயலில் வரப்பு உறுதியாக உள்ளது, எதில் உடைந்துள்ளது என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் நடந்து பார்த்து எழுதிய பட்டியல், படத்தைப் போலவே இன்றியமையாதது.

முந்தைய ஐந்து நாட்களின் மழையையும் குறித்து வைக்க வேண்டும். அட்டவணையின் எண்கள் நடுத்தர ஈரத்திற்குரியவை. பயிர்க் காலத்தில் அவ்வைந்து நாட்களில் 53 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து மண் ஊறியிருந்தால் 69 என்பது 84 ஆகிறது. 36க்குக் குறைவாகப் பெய்து காய்ந்திருந்தால் 49 ஆகிறது. அதே வயல், அதே 60 மில்லிமீட்டர் மழை. ஊறிய நாளில் 25 மில்லிமீட்டருக்கு மேல் ஓடும். காய்ந்த நாளில் கால் மில்லிமீட்டரும் ஓடாது. ஐப்பசியின் முதல் மழைக்கு நிரம்பாத ஏரி, கார்த்திகையில் அதே அளவு மழைக்கு மறுகால் போவதன் காரணம் இதுவே.

விடையைச் சரிபார்த்தல்

இக்கணக்கு ஒரு மழைக்கு ஓடும் நீரின் மொத்த ஆழத்தையே தருகிறது. வெள்ளம் எவ்வளவு விரைவில் வரும் என்பதை அது கூறாது. நம் நாட்டில் கரிசல் அல்லாத மண்ணுக்கு 0.2க்குப் பதில் 0.3 என்ற பங்கைக் கொள்வதும் உண்டு. அப்போது சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் 0.8 என்பது 0.7 ஆகும், நமது ஏரியின் 28,400 கன மீட்டர் 22,300 ஆகக் குறையும். ஆகவே மதிப்பீட்டு அறிக்கை எதுவாயினும், எந்தப் பங்கு கொள்ளப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.

இவற்றுள் எது நம் ஊருக்குப் பொருந்தும் என்பதை ஏரியே சொல்லும். மதகின் அருகே அளவுகோல் ஒன்றை நட்டு, மழைக்கு முன்னும் ஓட்டம் நின்ற பின்னும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். மதகு மூடியிருக்க வேண்டும். கலிங்கு வழிந்திருக்கக் கூடாது. நீர்ப்பரப்பு 20 ஹெக்டேராயின் 28,400 கன மீட்டர் நீர் மட்டத்தை 14 சென்டிமீட்டர் உயர்த்தும். 22,300 கன மீட்டர் 11 சென்டிமீட்டர் உயர்த்தும். ஏரியின் மேலேயே நேராகப் பெய்த 6 சென்டிமீட்டரைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். ஒரு பருவத்தில் நான்கைந்து மழைக்கு இவ்வாறு குறித்து வைத்தால், கலிங்கைப் பற்றிய அடுத்த கூட்டத்தில் வாதத்திற்குப் பதில் அளவு பேசும்.