பழமையின் சாயலும் பழமையும்

நுழையும்முன்

மங்கிய நிறமும் கீறல்களும் ஒரு படத்தைப் பழையதாகக் காட்டும். ஆனால் பழையது என்று மெய்ப்பிக்கமாட்டா. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் 'வரலாற்றுப் படங்களை' ஆவணப் படங்களிலிருந்து பிரித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஏமாறுவது ஏன்?

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஒரு மாணவியின் கைபேசிக்கு, '1858இல் தஞ்சைப் பெரிய கோவில் திருவிழா' என்னும் படம் வந்ததாகக் கொள்வோம். செம்பழுப்பு நிறத்தையும் கிழிந்த ஓரத்தையும் கண்டவுடன் அதனைப் பழைய ஒளிப்படம் என்றே அவள் கருதுவாள். ஆவணப் படங்கள் பலவற்றில் பயிற்சி பெற்ற கணினி, காலம் ஏற்படுத்திய இத்தழும்புகளையும் கற்றுக்கொண்டு வரைகிறது. அந்த மங்கலே பிழைகளையும் மறைத்துவிடுகிறது.

வல்லுநர்களும் இதற்கு விலக்கல்லர். செருமானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென், பழைய கறுப்பு வெள்ளைப் படம்போல் கணினியால் உருவாக்கிய ஒரு படம் 2023இல் சோனி உலக ஒளிப்பட விருதுக்குத் தேர்வானது. அது ஒளிப்படமன்று எனக் கூறி அவர் பரிசை மறுத்தார்.

கருவியின் எல்லை

1858ஆம் ஆண்டளவில் பெரிய கோவிலை மெய்யாகவே ஒளிப்படம் எடுத்தவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப். மெழுகேற்றிய தாளை எதிர்ப்படமாகப் பயன்படுத்தும் முறையில், ஒரு காட்சி பதிய நெடுநேரம் வேண்டும். அசையாத கற்கோபுரம் தெளிவாகப் பதியும்; நடப்பவர் புகைபோல் மங்குவர் அல்லது மறைந்தே போவர். ஆகவே, மாணவி பெற்ற படத்தில் ஓடும் சிறுவனின் பாதமும் பறக்கும் புறாவின் சிறகும் துல்லியமாக இருந்தால், அஃது அக்காலத்து ஒளிப்படமாகாது.

டிரைப் அக்கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒரே நீண்ட படமாக இணைத்தார். அவற்றில் இருப்பவை மெய்யான எழுத்துகள். கணினிப் படத்தின் கல்வெட்டைப் பெரிதாக்கினால், பெரும்பாலும் எழுத்துப்போன்ற கோடுகளே தெரியும்.

பிறப்பிடமே சான்று

ஆயினும் இவ்வடையாளங்கள் நிலையானவையல்ல. கணினி நாளை எழுத்தைப் பிழையின்றிப் பொறிக்கலாம். மங்கிய உருவங்களையும் வரையலாம். மெய்யான படத்திலும் கைவேலை உண்டு; டிரைப்பே வெறுமையான வானத்தில் மேகங்களை வரைந்து சேர்த்துள்ளார்.

எனவே, எடுத்தவர் யார், எந்த ஆவணக்காப்பகத்தில் எந்தப் பதிவெண்ணில் உள்ளது என்னும் வினாக்களே உறுதியானவை. படத்தை இணையத்தில் படத்தேடலுக்கு உட்படுத்தி, அது முதலில் வெளியான இடத்தைக் காண முயலவேண்டும். காப்பகப் பதிவு கிடைத்தால், அங்குள்ள படத்தோடு ஒப்பிடவேண்டும். கிடைக்காவிடில் அது போலி என்று முடிவு கட்டுதலும் தவறு. வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் மெய்ப்படங்களும் உள. அதுவரை அதனைச் சான்றாகக் கொள்ளாதிருத்தலே முறை.

கற்பவை கற்றபின்

கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்டார். ஒளிப்படக்கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 'கயத்தாற்றில் கட்டபொம்மன்' என்னும் ஒளிப்படம் வந்தால், அதனை எவ்வாறு மதிப்பிடுவீர்? காரணத்துடன் எழுதுக.