டப்பாவில் இருப்பது என்ன?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம் போய் சர்ஃபிங் பயிற்சி எடுக்கிறான், ஜிம்முக்கும் போகிறான். போன வாரம் அவன் பையில் கிரியாட்டின் டப்பா ஒன்று இருந்தது. கேட்டால், "மீன்ல இருக்கிறதுதாம்மா" என்கிறான். பக்கத்து வீட்டிலோ கிட்னி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
- ஒரு தாய், செங்கல்பட்டு

பதில் (ஜிம் பயிற்சியாளர், மாமல்லபுரம்):

அன்புள்ள அம்மா,

பையன் பொய் சொல்லவில்லை. கிரியாட்டின் மீனிலும் கறியிலும் இருக்கிறது. நம் உடம்பே தினமும் ஒரு கிராம் அளவுக்குத் தயாரித்துக்கொள்கிறது. அது ஸ்டீராய்டு இல்லை, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிலோ பச்சை மீனில் ஏறக்குறைய 4 கிராம்தான் இருக்கும். தட்டில் விழும் இரண்டு துண்டு வஞ்சிரத்தில் அரை கிராம் கிடைத்தால் பெரிது. அதிலும் கொஞ்சம் குழம்பில் இறங்கிவிடும் (குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவனுக்கு நஷ்டமில்லை). டப்பாவில் ஒரு ஸ்கூப்போ 3 முதல் 5 கிராம்.

அது என்ன வேலை செய்கிறது? அலை வரும்போது பலகையில் குப்புறப் படுத்து வேகமாகக் கையால் துழாவி, சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் தசை செலவழிக்கும் சக்தியை உடனே திரும்ப நிரப்பிக் கொடுப்பது கிரியாட்டின். அதனால் அடுத்தடுத்த துழாவலில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கலாம். எந்த அலையைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை அது சொல்லித் தராது. 2025 ஆகஸ்டில் இங்கே நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்த இடத்துக்குப் போக அலையில் பல வருடம் கிடக்க வேண்டும். இன்னொன்று, கிரியாட்டின் தசைக்குள் தண்ணீரைச் சேர்ப்பதால் முதல் வாரங்களிலேயே எடை ஒரு கிலோ வரை கூடலாம். ஒல்லியான பையனுக்குப் பலகை மேல் அந்த ஒரு கிலோ நன்றாகவே தெரியும்.

இனி கிட்னி. நல்ல சிறுநீரகம் உள்ள பெரியவர்கள் சொன்ன அளவில் எடுத்தால் அது கெடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பயம் வந்த வழி வேறு. கிரியாட்டின் சிதைந்தால் கிரியாட்டினின் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தை மதிப்பிட லேப்பில் அளப்பதும் இந்தக் கிரியாட்டினினைத்தான். ஆகவே டப்பா எடுக்கும் பையனுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், அந்த எண் சற்று ஏறி நிற்கலாம். முந்தைய நாள் கடுமையாகப் பயிற்சி செய்திருந்தாலும் ஏறும். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் வீடே அலறும். டாக்டரிடம் டப்பா விஷயத்தை மறைக்காமல் சொன்னால், அவர் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்த்துத் தெளிவாகச் சொல்லிவிடுவார். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

அப்படியானால் கொடுக்கலாமா? நான் கொடுக்க மாட்டேன். வளரும் பிள்ளைகளிடம் நீண்ட காலம் செய்த ஆய்வுகள் குறைவு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் இந்த வயதில் வேண்டாம் என்கிறது. விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சிலர், நல்ல சாப்பாடும் மேற்பார்வையும் இருந்தால் தீவிர வீரர்களுக்குத் தரலாம் என்கிறார்கள். என்னிடம் வரும் பையன்களில் பெரும்பாலோர் அந்த முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறார்கள். விடிகாலையில் வெறும் வயிற்றோடு கடலில் இறங்கி, பத்து மணிக்கு இரண்டு பரோட்டாவோடு முடித்துக்கொள்கிறவனுக்குக் கிரியாட்டின் எதற்கு? முதலில் இரண்டு முட்டை, மீன், பருப்பு, எட்டு மணி நேரத் தூக்கம். சில மாதம் அதைப் பார்ப்போம்.

எனக்குக் கிரியாட்டினை விட அந்த டப்பாவின் மேல்தான் சந்தேகம். திருப்பி, பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். கிரியாட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். காஃபின், இன்னும் நாலைந்து பெயர்கள், "ப்ரீ-வொர்க்கவுட்" என்ற சொல் இருந்தால் அது வேறு சரக்கு, நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும். எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உரிமத்தை மட்டும்தான் காட்டும். தூளில் தடை செய்யப்பட்ட மருந்து கலக்கவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது. போட்டிக்குப் போகிற பையனின் உடம்பில் அப்படி ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்புவது கடினம்.

18 வயதுக்கு மேல் அவனே கேட்டால், டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு 3 கிராம் போதும். முதல் வாரம் தினமும் 20 கிராம் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதனால் சிலருக்கு வயிறு போகும். 3 கிராமிலேயே மூன்று, நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும்.

அவனைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த டப்பா பையில் இருக்காது, நண்பன் வீட்டில் இருக்கும். யார் கொடுத்தது, எவ்வளவு விலை என்று மட்டும் கேட்டுவிட்டு, இந்த வாரம் டப்பாவோடு அவனை அழைத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.