நுரைக் கான்கிரீட்டும் சுட்ட களிமண் உருண்டையும்

கோலா பிலா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பழைய பொதுமண்டபம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பின்னறையின் தட்டையான கான்கிரீட் கூரை 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்டது. மழை பெய்தால் நீர் வடியாமல் அங்கேயே தேங்குகிறது. நீர் ஓடுவதற்குக் கூரையின்மேல் சரிவாக ஒரு தளம் போட வேண்டும். அகலவாட்டில் ஓர் ஓரம் 14 சென்டிமீட்டர், எதிர் ஓரம் 6 சென்டிமீட்டர் தடிப்பு என்றால் சராசரி 10 சென்டிமீட்டர். ஆக, 2 கன மீட்டர் கலவை தேவைப்படும்.

வழக்கமான கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2400 கிலோ எடையுள்ளது. அதை ஊற்றினால் கூரைக்கு 4800 கிலோ கூடுதல் சுமை. பெரிய ஆண் யானை ஒன்றை எந்நேரமும் கூரைமேல் நிறுத்தி வைப்பது போன்றது அது! பழைய கூரை தாங்காமல் தொய்யலாம். அடிப்பக்கத்தில் வெடிப்பு விடலாம்.

இத்தகைய இடத்திற்கு நுரைக் கான்கிரீட் பொருந்தும். இதில் ஜல்லி கிடையாது. நுரை தரும் திரவத்தை நீரில் கலந்து, காற்றைச் செலுத்தி, கெட்டியான நுரையாக்குவார்கள். அந்நுரையைச் சிமெண்டும் மணலும் நீரும் சேர்ந்த குழம்பில் கலப்பார்கள். கன மீட்டருக்கு 700 கிலோ என்ற அளவில் கலந்தால், நம் கூரைக்கு 1400 கிலோ மட்டுமே கூடும். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெயிலின் சூடு கீழே இறங்குவதையும் தாமதப்படுத்தும். ஆயினும் பழைய கூரை இந்தச் சுமையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் முதலில் பார்த்தாக வேண்டும்.

கலவை சரியாக உள்ளதா என்று அறிய ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளியை நிரப்பினால் கலவை மட்டும் 7 கிலோ இருக்க வேண்டும். எட்டரை கிலோ காட்டினால் குமிழ்கள் உடைந்துவிட்டன என்று பொருள். 6 கிலோதான் என்றால் நுரை மிகுதி, தளம் வலுவிழக்கும்.

நுரைக் கான்கிரீட் நீரை உறிஞ்சும். எனவே, தளம் உலர்ந்தபின் அதன்மேல் நீர் புகாத பூச்சு அவசியம். பூச்சு கிழிந்தால் தளம் நீரைக் குடித்துக் கனக்கும். குறைத்த சுமை திரும்ப வந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் கால்களையும் இதன்மேல் ஊன்றக்கூடாது. அவை தளத்தை நசுக்கி உள்ளே இறங்கும்.

மாடித் தளத்தின் நிலை வேறு. ஆட்களையும் மேசை நாற்காலிகளையும் அதுவே சுமக்க வேண்டும். அங்கே ஜல்லிக்குப் பதிலாகச் சுட்ட களிமண் உருண்டைகளைப் பயன்படுத்தலாம். ஏறத்தாழ 1150 பாகை செல்சியசில் சுடும்போது களிமண்ணுக்குள் வாயு உண்டாகி, அது பொரிபோல உப்பிவிடும். செங்கல் சூளையில் சில கற்கள் உப்பிப் பாழாவதைக் கவனித்த அமெரிக்கர் ஸ்டீபன் ஹெய்ட், 1918இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பி கட்டி ஊற்றும் இக்கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 1800 கிலோ இருக்கும். நுரைக் கான்கிரீட்டைவிடக் கனமானது, ஆனால் பன்மடங்கு வலிமையானது.

உருண்டைகளை முன்னரே நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை கலவையின் நீரை இழுத்து, ஊற்றுவதற்குள் அதை இறுக்கிவிடும். அதிர்வுக் கருவியையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். மிஞ்சினால் ஜல்லி அடியில் தங்குவதற்கு மாறாக, இந்த உருண்டைகள் மேலே மிதந்து வந்துவிடும்.