கூகுள் மேப்பில் முதலிடம் விற்பனைக்கு இல்லை

“சார், உங்க கிளினிக்கோட கூகுள் லிஸ்டிங் இந்த வாரத்தோட எக்ஸ்பயர் ஆகுது. இப்பவே ரின்யூ பண்ணலேன்னா மேப்லேர்ந்து எடுத்துடுவாங்க.” இப்படியொரு போன் வராத சின்ன கிளினிக்கோ கடையோ இன்று அபூர்வம். ரின்யூவல் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2021 வரை ‘கூகுள் மை பிசினஸ்’ என்றும் இப்போது ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்றும் அழைக்கப்படும் இந்தப் பதிவு இலவசம். அதற்குக் காலாவதித் தேதியும் இல்லை. இதே போல வேரூன்றிப்போன வேறு சில நம்பிக்கைகளை, மதுரை அண்ணா நகரில் மாலை நேரத்தில் மட்டும் இயங்கும் ஒரு குழந்தைகள் மருத்துவரின் கிளினிக்கைக் கற்பனை செய்துகொண்டு பார்ப்போம். கீழே மெடிக்கல் ஷாப், மாடியில் டாக்டர்.

“பணம் கட்டினால் முதலிடம் கிடைக்கும்”

கிடைக்காது. மேப்பில் வரும் வரிசைக்குப் பணம் வாங்குவதில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் வாங்கலாம். அது ‘Sponsored’ என்ற முத்திரையோடு தனியாக வரும். காசு தீர்ந்த அன்றே காணாமல் போகும். மற்றபடி வரிசையைத் தீர்மானிப்பவை மூன்று: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து உள்ள தூரம், ஊரில் உங்களுக்கு உள்ள பெயர். மூன்றாவதில்தான் ரிவ்யூக்கள் வருகின்றன.

“என் போனில் தேடினால் நாங்கள்தான் முதலில் வருகிறோம்”

வராமல் என்ன செய்யும்? டாக்டர் கிளினிக்கிலேயே உட்கார்ந்து தேடுகிறார், தூரம் பூஜ்யம். அதே நேரத்தில் திருப்பரங்குன்றத்தில் ஒரு தாய் ‘குழந்தை டாக்டர்’ என்று தேடினால், அவருக்கு அருகிலுள்ள மூன்று பேர்தான் முதலில் தெரிவார்கள். அண்ணா நகர் கிளினிக் எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும் அந்தத் தூரத்தைத் தாண்டுவது கடினம். மதுரை முழுக்க முதலில் வர வைக்கிறேன் என்று எவராவது சொன்னால், அவர் விற்பது இல்லாத சரக்கு.

இன்காக்னிட்டோவில் தேடினாலும் போன் இருக்குமிடம் மறைவதில்லை. உண்மை நிலவரம் தெரிய வேண்டுமானால் கே.கே. நகரில், மாட்டுத்தாவணியில் இருக்கும் நண்பர்களைத் தேடச் சொல்லலாம். அதைவிட நம்பகமானது, புரொஃபைலுக்குள் ‘Performance’ என்ற பகுதி. என்ன சொல்லைத் தேடி உங்களைக் கண்டார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பது மாதவாரியாக அதில் இருக்கும். வரிசை எண்ணைவிட அந்த வழி கேட்ட கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள்தான் படியேறி வருபவர்கள்.

“பெயரோடு நாலு வார்த்தை சேர்த்தால் மேலே ஏறும்”

இதில் ஓரளவு உண்மை இருப்பதுதான் சிக்கல். பலகையில் இருப்பது டாக்டரின் பெயரும் ‘குழந்தைகள் கிளினிக்’ என்பதும் மட்டும். மேப்பில் அதன் வாலில் ‘பெஸ்ட் சைல்டு டாக்டர் இன் மதுரை, வேக்சின், நெபுலைசர்’ என்று சேர்த்தால் சில வாரங்கள் மேலே வருவதைத் தொழிலில் இருப்பவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அடுத்த தெரு போட்டியாளர் ‘Suggest an edit’ என்பதை அழுத்தி ஒரு புகார் அனுப்பினால் போதும். அதிர்ஷ்டம் இருந்தால் வால் மட்டும் வெட்டப்படும். இல்லாவிட்டால் புரொஃபைலே சஸ்பெண்ட் ஆகி, மேப்பில் கிளினிக் மறைந்துவிடும்.

மீட்க அப்பீல் செய்யலாம். அப்போது அதே பெயரும் அதே முகவரியும் உள்ள ஆவணங்களைக் கேட்பார்கள்: கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் பதிவுச் சான்று, மின் கட்டண ரசீது போன்றவை. அப்பீலை அனுப்பியதும் ஆவணம் ஏற்றும் ஜன்னல் 60 நிமிடம்தான் திறந்திருக்கும். ஆகவே ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்ட பிறகே அந்தப் பொத்தானைத் தொட வேண்டும். ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது என்பது பலருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் நினைவுக்கு வரும்.

வார்த்தைகளைச் சேர்க்க நியாயமான இடம் வேறு: கேட்டகரி. முதன்மைக் கேட்டகரி ஒன்றும், கூடுதலாக ஒன்பது வரையும் தரலாம். பெரிதாகத் தெரியட்டும் என்று பலர் முதன்மையில் ‘Hospital’ என்று போடுகிறார்கள். நம் டாக்டருக்குச் சரியானது ‘Pediatrician’. குழந்தை டாக்டரைத் தேடும் தாய்க்கு ஆஸ்பத்திரிகளின் கூட்டத்தில் ஒருவராகத் தெரிவதில் என்ன லாபம்?

“போட்டோவில் இடக்குறியீட்டை ஏற்றினால் ரேங்க் கூடும்”

படக் கோப்புக்குள் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதித் தருவதற்கென்றே காசு வாங்குகிறார்கள். அதனால் வரிசை மாறுவதாக நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. போட்டோவின் வேலை வேறு. தெருவிலிருந்து பார்த்தால் மெடிக்கல் ஷாப்பும் பக்கத்து மாடிப்படியும் தெரியும்படி ஒரு படம், இரவில் பலகை எரியும்போது ஒரு படம், காத்திருக்கும் அறை ஒன்று. முதல் முறை வருபவர் காய்ச்சல் குழந்தையோடு தெருவில் தேடி அலையாமல் இருக்க அது போதும். சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் முகம் அதில் வேண்டாம்.

“ஒரு ஒன் ஸ்டார் வந்தால் எல்லாம் போச்சு”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தே பேர் ஐந்து நட்சத்திரம் தந்திருக்கும் இடத்தில் ஆறாவது ஆள் ஒன்று தந்தால் சராசரி 4.3க்கு விழும். நாற்பது பேர் தந்து 4.8 இருக்கும் இடத்தில் அதே ஒன்று 4.7 ஆக்கும், அவ்வளவுதான். பயத்துக்குக் காரணம் அந்த ஒருவர் அல்ல, ரிவ்யூ குறைவாக இருப்பது.

அந்தக் குறையை ஒரே நாளில் தீர்க்க உறவினர் முப்பது பேரை எழுதச் சொல்வதும், ஏஜென்டிடம் மொத்தமாக வாங்குவதும் வம்பில் முடியும். கூகுள் அவற்றை நீக்குவதோடு, சில காலம் புதிய ரிவ்யூ எதுவும் வராமல் தடுக்கலாம். போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று புரொஃபைலிலேயே எச்சரிக்கையும் போடலாம். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்பதும் விதிமீறலே. கீழே இருக்கும் மெடிக்கல் ஷாப் தன் பில் கவுன்டரில் ஒரு கியூஆர் கோடு ஒட்டி, திருப்தியானவர், திட்டுபவர் என்று பார்க்காமல் எல்லாரிடமும் கேட்கலாம். மாடியில் இருக்கும் டாக்டருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்ப்பதைத் தடுக்கின்றன.

டாக்டர்கள் அதிகம் சறுக்குவது பதில் எழுதும்போது. “இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள், காய்ச்சலும் குறையவில்லை” என்று ஒருவர் எழுதுகிறார். கோபத்தில், “உங்கள் பையனுக்கு டெங்கு. நான் எழுதித் தந்த டெஸ்டை நீங்கள் மூன்று நாள் எடுக்கவில்லை” என்று டாக்டர் பதில் போடுகிறார். நியாயம் அவர் பக்கமே இருக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் நோயை ஊரறிய எழுதிவிட்டார். நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவதை அதே 2002 விதிகள் குற்றமாகச் சொல்கின்றன. இந்த ரிவ்யூவை ரிப்போர்ட் செய்தும் பயனில்லை. வசை, போலி, சம்பந்தமில்லாதது போன்றவற்றைத்தான் கூகுள் நீக்கும்; யார் சொல்வது உண்மை என்று பஞ்சாயத்து பண்ணாது.

எழுதத்தக்க பதில் இரண்டு வரி: “மாலை 6 முதல் 8 வரை கூட்டம் அதிகம் இருக்கும், போனில் டோக்கன் வாங்கிவிட்டு வந்தால் காத்திருப்பு குறையும். சிகிச்சை பற்றிக் கிளினிக்கில் நேரில் பேசலாம்.” எழுதியவர் தன்னிடம் வந்தவரா என்பதைக்கூட இதில் டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. டோக்கன் விஷயம், இதைப் படிக்கப்போகும் அடுத்த தாய்க்கு.