செயலியின் கையொப்பச் சாவி தொலைந்தால் என்ன ஆகும்?

ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை உருவாக்கியவர், அதன் மூலநிரலைப் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூலநிரல் மட்டும் போதாது. முதல் பதிப்பை எந்தச் சாவியால் கையொப்பமிட்டோமோ அதே சாவி கையில் இருக்க வேண்டும். பள்ளிக் கணினி மன்றங்களில் செயலி உருவாக்கும் ஆசிரியர்கள் இதை முதல் வெளியீட்டுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கையொப்பம் என்பது என்ன?

வெளியீட்டுக்கு முன் செயலியை உருவாக்குபவர் ஒரு சாவி இணையை உருவாக்குகிறார். அதில் ஒன்று தனிச்சாவி, மற்றொன்று பொதுச்சாவி. தனிச்சாவி நம் கணினியில் உள்ள ஒரு கோப்பில் கடவுச்சொல்லுடன் இருக்கும். இக்கோப்பைச் சாவிப்பெட்டகம் எனலாம். பொதுச்சாவி ஒரு சான்றிதழாகச் செயலிக்குள் சேர்ந்து எல்லாருடைய கைபேசிக்கும் போகும். சாவிப்பெட்டகத்தை உருவாக்கும் கட்டளை இது:

```
keytool -genkeypair -v -keystore vaippadu.jks -alias palli -keyalg RSA -keysize 2048 -validity 10000
```

இதில் 10000 என்பது நாட்களின் எண்ணிக்கை. ஏறக்குறைய 27 ஆண்டுகள். செயலி பயன்பாட்டில் இருக்கும் காலம் முழுவதும் இதே சாவிதான் வேண்டும் என்பதால் இவ்வளவு நீண்ட காலம் தரப்படுகிறது.

புதிய பதிப்பை நிறுவும்போது கைபேசி முதலில் செயலியின் தொகுப்புப் பெயரைப் பார்க்கிறது. அதே பெயரில் ஒரு செயலி ஏற்கெனவே இருந்தால், இரண்டின் சான்றிதழ்களையும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் பழையதன் மேல் புதியதை நிறுவி, பயனரின் தரவை அப்படியே விட்டுவைக்கிறது. பொருந்தாவிட்டால் நிறுவ மறுக்கிறது. கணினியோடு இணைத்து நிறுவினால் `INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE` என்ற பிழைச்செய்தி தோன்றும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு செயலியின் தரவும் பிற செயலிகள் தொடமுடியாத தனி அறையில் இருக்கிறது. புதுப்பிப்பாக வருவதற்கு அந்த அறையின் கதவு திறக்கும். பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டால், வங்கிச் செயலியின் பெயரில் யாரோ ஒரு போலியைச் செய்து, உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் படித்துவிடலாம். கைபேசிக்கு நம்மைத் தெரியாது. சாவியை மட்டுமே தெரியும்.

ஒரு எடுத்துக்காட்டு

ஒரு நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் வாய்ப்பாட்டுப் பயிற்சிச் செயலி ஒன்றை உருவாக்கியதாகக் கொள்வோம். தொகுப்புப் பெயர் `org.example.vaippadu`. அவர் அதன் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்; 140 பெற்றோர் நிறுவுகிறார்கள். எந்தக் குழந்தை எந்த வாய்ப்பாட்டில் தடுமாறுகிறது என்ற பதிவு அந்தந்தக் கைபேசியிலேயே சேர்கிறது. இரண்டாம் ஆண்டில் ஆசிரியருக்குப் பணிமாறுதல் வருகிறது. மூலநிரலைப் பள்ளிக் கணினியில் வைத்துவிட்டுப் போகிறார். சாவிப்பெட்டகமோ அவருடைய மடிக்கணினியில் இருக்கிறது. பின்னர் அதன் வன்தட்டு பழுதாகிறது.

புதிதாக வந்த ஆசிரியர் 17ஆம் வாய்ப்பாட்டில் உள்ள பிழையைத் திருத்துகிறார். அதே கட்டளை, அதே கோப்புப் பெயர், அதே கடவுச்சொல் கொடுத்துப் புதுச் சாவி உருவாக்குகிறார். ஆயினும் 140 கைபேசிகளிலும் நிறுவல் நின்றுபோகிறது. ஏனெனில் சாவி, நாம் தரும் பெயரிலிருந்தோ கடவுச்சொல்லிலிருந்தோ பிறப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய தற்போக்கு எண்களிலிருந்து பிறக்கிறது. கடவுச்சொல் பெட்டகத்துக்குப் போடும் பூட்டு மட்டுமே. பழைய ஏபிகேயிலிருந்தும் சாவியை மீட்க முடியாது. அதில் இருப்பது பொதுச்சாவிதான், அதிலிருந்து தனிச்சாவியைக் கணக்கிட இயலாது.

இனி மிஞ்சுவது இரண்டே வழிகள். பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவச் சொல்லலாம்; நீக்கும்போது இரண்டாண்டுப் பதிவுகள் அழியும். அல்லது தொகுப்புப் பெயரை மாற்றித் தனிச் செயலியாக வெளியிடலாம். பழையது பிழையோடு அருகிலேயே இருக்கும், அதன் பதிவுகளைப் புதியதால் படிக்க முடியாது. பதிவுகளைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி முதல் பதிப்பிலேயே இருந்திருந்தால் அவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். சாவி தொலைந்தபின் அவ்வசதியைச் சேர்க்க வழியில்லை, ஏனெனில் அதற்கும் ஒரு புதுப்பிப்பு வேண்டும்.

சோதனைச் சாவி என்னும் பொறி

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் இயக்கு பொத்தானை அழுத்தினால் செயலி தானாகவே ஒரு சோதனைச் சாவியால் கையொப்பமாகிறது. அது `.android` கோப்புறையில் `debug.keystore` என்ற பெயரில், ஒவ்வொரு கணினியிலும் வேறு வேறாக இருக்கும். அவசரத்தில் அந்தச் சாவியால் கையொப்பமிட்ட செயலியையே பெற்றோருக்கு அனுப்பிவிட்டால், நாம் அறியாமலே அக்கணினியோடு செயலியைக் கட்டிப்போட்டுவிடுகிறோம். விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில்தான் இது தெரியவரும். ஆப் இன்வென்டரில் சாவி நம் கணக்கோடு சேர்ந்து சேவையகத்தில் இருக்கிறது. அங்கே `Export keystore` கொடுத்து அதைத் தனியே இறக்கிவைக்க வேண்டும். திட்டக் கோப்போடு அது வராது.

பிளே ஸ்டோரில் வெளியிட்டால்?

2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் சேரும் புதிய செயலிகளுக்கு இரண்டு சாவிகள். இறுதிக் கையொப்பச் சாவியைக் கூகுள் வைத்துக்கொள்கிறது. நம்மிடம் இருப்பது பதிவேற்றச் சாவி. இது தொலைந்தால் கணக்கின் உரிமையாளர் பிளே கன்சோலில் விண்ணப்பித்துப் புதியதை மாற்றிக்கொள்ளலாம். பயனர்களுக்குப் பாதிப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப்பிலோ இணையதளத்திலோ நேரடியாகத் தரும் செயலிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் சாவியை மாற்றும் வசதி உண்டு. ஆனால் புதுச் சாவியை ஏற்கலாம் என்று பழைய சாவிதான் ஒப்பமிட வேண்டும். தொலைத்தவருக்கு அது உதவாது.

சரிபார்ப்பதும் ஒப்படைப்பதும்

நம்மிடம் உள்ள பெட்டகம் சரியானதுதானா என்பதை இரு கட்டளைகளால் அறியலாம்:

```
keytool -list -v -keystore vaippadu.jks
apksigner verify --print-certs vaippadu.apk
```

இரண்டும் காட்டும் SHA-256 மதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது பெரிய எழுத்துகளில் முக்காற்புள்ளியிட்டும், இரண்டாவது சிறிய எழுத்துகளில் தொடர்ச்சியாகவும் காட்டும். அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

பெட்டகக் கோப்பு, அதன் கடவுச்சொல், சாவியின் மாற்றுப்பெயர், சாவிக்குத் தனிக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்ததே முழுச் சாவி. கோப்பையோ கடவுச்சொல்லையோ இழந்தால் சாவியையே தொலைத்ததற்குச் சமம். கோப்பின் இரு படிகளைத் தனித்தனி பென்டிரைவ்களில் வைத்து, ஒன்றைத் தலைமையாசிரியர் அறைப் பெட்டியில் வைக்கலாம். கடவுச்சொல்லை உறையிலிட்டு வேறிடத்தில் வைக்க வேண்டும். பணிமாறுதலின்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். ஒப்படைப்பவரும் பெறுபவரும் சேர்ந்து மேற்கண்ட கட்டளைகளை ஒருமுறை இயக்கிப் பார்த்தபின் கையெழுத்திடுவது நல்லது.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொண்டு தனித்தனியே சாவிப்பெட்டகம் உருவாக்கச் சொல்லுங்கள். இரண்டின் SHA-256 மதிப்புகளையும் கரும்பலகையில் எழுதி ஒப்பிடட்டும். பிறகு ஒரே செயலியை இரு சாவிகளாலும் கையொப்பமிட்டு, ஒரே கைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்க்கட்டும். இரண்டாவது ஏன் மறுக்கப்பட்டது என்பதை அவர்களே விளக்கட்டும்.